நின்ற அளவா, உட்கார்ந்த அளவா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் பேன்ட் எடுத்தால், சைஸ் சார்ட் சொல்வது நிற்கிறவரின் அளவு. சக்கர நாற்காலிக்காரருக்கு அது முன்னால் வயிற்றில் சுருளும், பின்னால் இறங்கி முதுகைக் காட்டும், கால் கணுக்காலுக்கு மேலே ஏறும். பெரிய சைஸ் வாங்கியும் தீராது. குறை சுற்றளவில் மட்டும் இல்லையே.

உட்கார வைத்தே டேப் பிடித்தால் கதை வேறு. நின்றால் இடுப்பு 34 உள்ளவருக்கு 36 வரலாம். இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டுவரை பின்பக்கம் 3 அங்குலம் கூட்டி, முன்பக்கம் ஒன்றரை குறைத்துப் பாருங்கள். பட்டி மட்டமாக நிற்கும். நீளத்தை மடங்கிய முட்டியின் மேல் வழியாக எடுக்க வேண்டும். பின்பாக்கெட் வேண்டவே வேண்டாம், தடித்த தையல் அழுத்திப் புண்ணாக்கும்.

கோட்டுக்குப் பின்கழுத்திலிருந்து இருக்கைவரைதான் நீளம். சக்கரம் தள்ளுவதுபோல் கையை நீட்டச் சொல்லி முதுகின் அகலம் எடுங்கள்.