மேக் ஸ்கிரீன்ஷாட் ஐபேடுக்குப் போக எது நல்ல வழி: பொதுக் கிளிப்போர்டா, ஏர்டிராப்பா, ஐகிளவுடா?

மேக்கில் ஒரு செட்டிங்ஸ் ஜன்னல் திறந்திருக்கிறது. அதைப் படமெடுத்து, ஐபேடில் நோட்ஸில் வைத்து, பென்சிலால் வட்டம் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். படம் ஒன்றுதான், தேவையும் இப்போதே. இந்த வேலைக்கு நான் முதலில் எடுப்பது பொதுக் கிளிப்போர்டைத்தான். ஒரு ஆப்பிள் கருவியில் காப்பி செய்ததை இன்னொன்றில் ஒட்டவிடும் இந்த வசதி (Universal Clipboard) 2016இல் மேக்ஓஎஸ் சியராவோடும் ஐஓஎஸ் 10ஓடும் வந்தது. ஆனாலும் பலர் இன்னும் படத்தைத் தனக்குத்தானே மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்முறை சின்னதுதான். `Shift + Command + 4` அழுத்தினால் படம் கோப்பாக டெஸ்க்டாப்பில் போய் உட்கார்ந்துவிடும், கிளிப்போர்டுக்கு வராது. கூடவே Control-ஐயும் பிடிக்க வேண்டும்:

```
Control + Shift + Command + 4
```

அப்புறம் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் சுட்டி கேமராவாக மாறும். Option-ஐப் பிடித்தபடி ஜன்னலைக் கிளிக் செய்தால், சுற்றியுள்ள நிழல் இல்லாமல் ஜன்னல் மட்டும் கிடைக்கும். ஐபேடில் குறிப்புக்குள் விரலை அழுத்திப் பிடித்து Paste கொடுங்கள். மேக்கிலிருந்து ஒட்டுவதாக ஒரு சின்னப் பெட்டி தோன்றி மறைந்ததும் படம் வந்துவிடும்.

அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று தெரிந்தால் இந்த வசதியின் குணமும் புரியும். நீங்கள் காப்பி செய்த நொடியில் படம் ஐபேடுக்குப் போவதில்லை. "என்னிடம் ஒன்று இருக்கிறது" என்று ப்ளூடூத்தில் மேக் சொல்லி வைக்கிறது, அவ்வளவுதான். Paste-ஐத் தொடும்போதுதான் படம் வைஃபை வழியாகக் கிளம்புகிறது. அதனால் ஒட்டுகிற நேரத்திலும் மேக் விழித்திருக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். காப்பி செய்துவிட்டு மேக்கை மூடி வைத்து அடுத்த அறைக்குப் போனால் ஒன்றும் வராது. காப்பி செய்தது மற்ற கருவிக்குக் கிடைப்பதும் சிறிது நேரம்தான். இடையில் ஐபேடில் ஒரு சொல்லைக் காப்பி செய்தாலும் அந்தச் சொல்தான் ஒட்டும்.

ஏர்டிராப்புக்கு இந்த அவசரம் கிடையாது. படம் கோப்பாகவே போய், ஐபேடின் போட்டோஸில் சேர்ந்து அங்கேயே இருக்கும். பத்துப் படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். ஆனால் நம் வேலைக்கு இது சுற்று வழி. மேக்கில் கோப்பைத் தேடி, ஷேர் மெனுவில் ஐபேடைத் தேர்ந்து அனுப்பி, பிறகு நோட்ஸுக்கு வந்து போட்டோஸிலிருந்து படத்தைச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் டெஸ்க்டாப்பில் ஒன்று, போட்டோஸில் ஒன்று என இரண்டு பிரதிகள் மிஞ்சும். கிளிப்போர்டு வழியில் குறிப்புக்குள் இருக்கும் படம் மட்டும்தான் மிஞ்சுகிறது. தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

டெஸ்க்டாப்பை ஐகிளவுட் டிரைவோடு இணைத்து வைத்திருந்தால் மூன்றாவது வழி தானாகவே கிடைக்கிறது. சாதாரணமாக எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஐபேடின் ஃபைல்ஸ் ஆப்பில் தெரியும். மேக் வீட்டில், ஐபேட் வெளியில் என்றால் இதுதான் சரி. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு கருவிகளுக்கு நடுவே, ஏறி இறங்கும் வரை காத்திருப்பது வீண்.

கிளிப்போர்டு வழி சில சமயம் அடம் பிடிக்கும் என்பதும் உண்மை. பழைய சொல் ஏதாவது ஒட்டினாலோ, Paste என்பதே காட்டாவிட்டாலோ, முதலில் மேக்கைப் பாருங்கள். ஃபைண்டரில் Edit மெனுவில் Show Clipboard இருக்கிறது. அங்கே படம் இல்லையென்றால் Control விட்டுப்போயிருக்கிறது. படம் டெஸ்க்டாப்பில் கிடக்கும். அங்கே படம் இருந்தால் சிக்கல் இணைப்பில் இருக்கலாம். அதைச் சோதிக்க, மேக்கில் சஃபாரியில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ஐபேடின் டாக்கைப் பாருங்கள். வலப்பக்க ஓரத்தில் சஃபாரி சின்னம் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன. வராவிட்டால் இரண்டிலும் வைஃபை, ப்ளூடூத், ஒரு கருவியின் வேலையை இன்னொன்றில் தொடரவிடும் Handoff மூன்றும் ஓடுகின்றனவா, ஒரே ஆப்பிள் கணக்குதானா என்று பார்க்க வேண்டும். Handoff இரண்டு கருவிகளிலும் செட்டிங்ஸில் General-க்குள் இருக்கும்.

சின்னம் வருகிறது, மேக்கில் காப்பி செய்த எழுத்தும் ஒட்டுகிறது, படம் மட்டும் ஒட்டவில்லை என்றால், நீங்கள் ஒட்டும் இடம் எழுத்தை மட்டும் ஏற்கும் பெட்டியாக இருக்கலாம். அதே படத்தை நோட்ஸில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். அந்த ஆப்பில்தான் படம் வேண்டுமென்றால் ஏர்டிராப்பில் அனுப்பி, ஆப்பின் படம் சேர்க்கும் பொத்தான் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.