பிழை பூஜ்யம், கோபுரம் மண்ணுக்குள்ளே

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பழைய லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயில்தான், அதையும் இடம் மாற்றப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாற்றுவதற்கு முன் அளந்து வைத்துவிடலாம் என்று நானும், என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவனும் போனோம். டிரோன் படங்களிலிருந்து ஒரு முப்பரிமாண மாதிரி, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளந்த புள்ளிகள் என்று இரண்டு தொகுப்பு கையில் இருந்தது. டிரோன் மாதிரி தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கும். அதைச் சுழற்றி நகர்த்தி ஸ்டேஷன் அளவோடு பொருத்த வேண்டும். நாடாவால் ஒரு தூரத்தை அளந்து அளவீட்டை முன்பே சரிசெய்துவிட்டதால், பெரிதாக்குவது சிறிதாக்குவது எதுவும் வேண்டாம்.

அடையாளத்துக்கு வளாகத்தின் நான்கு மூலையிலும் தரையில் வெள்ளைச் சாயத்தில் சிலுவைக் குறி போட்டிருந்தோம். நான்கும் தரையில். வினை அங்கேதான் ஆரம்பம்.

கையால் சரிபார்க்க வசதியாக எண்களை உருட்டித் தருகிறேன். வளாகம் 40 மீட்டருக்கு 30 மீட்டர். இரண்டு தொகுப்பிலும் மையப்புள்ளியைக் கழித்துவிட்டால், டிரோன் கணக்கில் மூலைகள் (20, 15), (-20, 15), (-20, -15), (20, -15). ஸ்டேஷன் கணக்கில் அதே மூலைகள் 90 பாகை திரும்பியிருக்கின்றன: (-15, 20), (-15, -20), (15, -20), (15, 20). உயரத்தில் மட்டும் கொஞ்சம் கோளாறு. டிரோன் வரிசையாக +3, -3, +3, -3 சென்டிமீட்டர் என்கிறது. ஸ்டேஷன் -2, +2, -2, +2 என்கிறது. ஓலை நிழலில் எடுத்த படத்துக்கு இது நடக்கக்கூடிய பிழைதான்.

இதற்கு யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு மூலையை மூலையோடு வைத்து, அடுத்த மூலையின் திசைக்குத் திருப்பிவிடுவது. அந்த இரண்டு மூலையின் பிழையும் மொத்த மாதிரிக்கும் போய்விடும் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன். மீதி மூன்றுக்குத்தான் உண்மையான போட்டி.

தம்பி முதலில் ஓட்டியது அஃபைன் பொருத்தம். அதில் சுழற்சி என்ற கட்டுப்பாடே கிடையாது. 3×3 அணி ஒன்று, நகர்வு மூன்று எண், ஆக 12 தெரியாதவை. நான்கு புள்ளிகள் தருவதும் 12 சமன்பாடு. அதனால் மிச்சப் பிழை துல்லியமாகப் பூஜ்யம்.

“அண்ணே, அச்சு அசலா உட்கார்ந்துடுச்சு!” என்றான்.

சரி, கோபுரத்தைக் காட்டு என்றேன். தரையிலிருந்து 6 மீட்டர் உயரக் கோபுரம், 4 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகப் புதைந்து கிடந்தது. காரணம் ரொம்ப எளிது. +3 வந்த இடத்தில் -2 வர வேண்டும், -3 வந்த இடத்தில் +2 வர வேண்டும். அப்படியானால் உயரத்தை -2/3 ஆல் பெருக்கினால் போதும் என்று அது முடிவு செய்துவிட்டது. சென்டிமீட்டர் இரைச்சலில் கற்ற பாடத்தை 6 மீட்டர் கோபுரத்தின் மேல் போட்டது.

அடுத்தது எஸ்விடி, அதாவது ஓர் அணியை மூன்று அணிகளாகப் பிரிக்கும் சிங்குலர் மதிப்புப் பிரிப்பு, ஆனால் குறித் திருத்தம் இல்லாமல். ஒவ்வொரு டிரோன் புள்ளியையும் அதன் ஜோடி ஸ்டேஷன் புள்ளியோடு பெருக்கிக் கூட்டி H என்ற 3×3 அணியைக் கட்டுகிறோம். அதை U, S, V என்று பிரித்து, R = V Uᵀ என்று சுழற்சியை எடுக்கிறோம். அச்சு வாரியாக இரண்டு தொகுப்பும் எவ்வளவு சேர்ந்து பரவியிருக்கின்றன என்பதை S-இல் உள்ள மூன்று சிங்குலர் மதிப்புகள் சொல்கின்றன. நம் கணக்கில் அவை 1600 (20×20, நான்கு தடவை), 900 (15×15, நான்கு தடவை), அப்புறம் வெறும் 0.0024 (0.03×0.02, நான்கு தடவை). கடைசிப் பெருக்கல்கள் நான்கும் எதிர்க்குறியில் வந்ததால் H-இன் அணிக்கோவையும் எதிர்க்குறி. விளைவு, R சுழற்சியாக வரவில்லை. கண்ணாடிப் பிம்பமாக வந்தது: x, y சரியாக 90 பாகை திரும்புகின்றன, z மட்டும் கவிழ்ந்துவிடுகிறது. மூலைகளில் மிச்சப் பிழை 1 சென்டிமீட்டர். கோபுரம் 6 மீட்டர் ஆழத்தில்.

மூன்றாவது, அதே எஸ்விடி, ஒரு வரி கூடுதலாக. `P` டிரோன் புள்ளிகள், `Q` ஸ்டேஷன் புள்ளிகள்:

```python
p, q = P.mean(0), Q.mean(0)
U, S, Vt = np.linalg.svd((P - p).T @ (Q - q))
d = np.sign(np.linalg.det(Vt.T @ U.T))
R = Vt.T @ np.diag([1, 1, d]) @ U.T
t = q - R @ p
```

`d` எதிர்க்குறியாக வந்தால், ஆகச் சிறிய சிங்குலர் மதிப்புக்கு உரிய அச்சை மட்டும் திருப்பிப் போடுகிறோம். ஆகச் சிறியதைத் தொடுவதற்குக் காரணம், அதில்தான் நஷ்டம் குறைவு. பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4 × 0.0024, அதாவது 0.0096 மட்டுமே கூடுகிறது. கோபுரம் மேலே வந்துவிட்டது. மிச்சப் பிழை? மூலைக்கு 5 சென்டிமீட்டர்.

தம்பி முகம் சுருங்கியது நியாயம்தான். பூஜ்யம், 1, 5 என்ற வரிசையில் ஆக மோசமான எண்ணுக்குத்தான் கோபுரம் நேராக நிற்கிறது. கட்டுப்பாடு கூடக் கூட மிச்சப் பிழை கூடத்தான் செய்யும். அந்த 5 சென்டிமீட்டர் நம் அளவீட்டின் உண்மையான பிழை, மற்ற இரண்டும் அதை ஒளித்து வைத்திருந்தன. ஆகவே மிச்சப் பிழையை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். `det(R)` +1 ஆக இருக்கிறதா, மூன்றாவது சிங்குலர் மதிப்பு மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதைப் பாருங்கள். 1600-க்குப் பக்கத்தில் 0.0024 நின்றால், எல்லாப் புள்ளியும் ஒரே தளத்தில் படுத்திருக்கின்றன. இரண்டாவதும் பூஜ்யத்தை ஒட்டினால் புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றன. அப்போது அந்தக் கோட்டைச் சுற்றி எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான், எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது.

இந்தக் குறிச் சிக்கல் புதிதல்ல. எஸ்விடி வழியைப் பரவலாக்கிய அருண், ஹுவாங், பிளாஸ்டீன் மூவரின் 1987 கட்டுரையிலேயே பிம்பம் வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. சிங்குலர் மதிப்பு சரியாகப் பூஜ்யமானால் திருப்பிப் போடலாம், இல்லையென்றால் முறை தோற்றது என்று நிறுத்திக்கொண்டார்கள். இரைச்சல் இருக்கும்போதும் அதே திருப்பல்தான் சிறந்த சுழற்சியைத் தரும் என்று 1991-இல் உமெயாமா காட்டினார். மூலக்கூறுகளைப் பொருத்தும் படிகவியல்காரர்கள் இதே கணக்கைக் காப்ஷ் பெயரில் 1976-லிருந்து அறிவார்கள்.

சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியன் வழியும் உண்டு, ஹார்ன் 1987-இல் தந்தது. 4×4 அணியின் ஆகப் பெரிய ஐகன் மதிப்புக்கு உரிய ஐகன் திசையன்தான் விடை. குவாட்டர்னியனால் பிம்பத்தைக் குறிக்கவே முடியாது என்பதால் திருத்த வரி தேவையில்லை. நம் கணக்கில் அதுவும் 5 சென்டிமீட்டர்தான், கோபுரமும் மேலேதான். இரண்டில் எது என்று சண்டை போட ஒன்றுமில்லை. நான் எஸ்விடியில் நிற்பது அந்த மூன்று மதிப்புகளும் கண்முன்னே கிடப்பதால் மட்டுமே.

ஒரு சின்ன விஷயம்: SciPy-யின் `Rotation.align_vectors` மையப்புள்ளியைத் தானாகக் கழிக்காது. நீங்கள்தான் கழித்துக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் திரும்பப் போய், கோபுர உச்சியையும் ஐந்தாவது புள்ளியாக அளந்தோம். வளாகத்தின் நடுவில் 6 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு புள்ளி. மூன்றாவது சிங்குலர் மதிப்பு 0.0024-லிருந்து 28.8-க்கு ஏறியது, அணிக்கோவை தானாகவே நேர்க்குறி. திருத்த வரி சும்மா உட்கார்ந்திருந்தது. அஃபைன்கூட கோபுரத்தை நேராக நிறுத்தியது, உயரத்தின் பெருக்கெண் 0.9998. இப்போதெல்லாம் அஃபைனை ஓட்டுவது அந்த எண்ணைப் பார்க்க மட்டும்தான். அது 1-ஐ விட்டு விலகினால், நாடா அளவை மறுபடி பார்க்கச் சொல்லித் தம்பியை அனுப்புவேன்.