கேமரா தெரியவில்லையா? ரவுட்டரை மாற்றப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் அம்மா தனியாக இருக்கிறார். நான் வேலை பார்ப்பது புதுச்சேரியில். வாசல் கேமராவை அலுவலகத்திலிருந்தே பார்க்க, பழைய இணைப்பில் 8000 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர எண்ணிட்ட வாசலை, திறந்து வைத்திருந்தேன். போன மாதம் ஃபைபருக்கு மாறினோம். "இதே மாதிரி கேமரா பார்க்க முடியுமா?" என்று கேட்டதற்கு, "தாராளமா பார்க்கலாம் சார்" என்று சொல்லி ஆறு மாதப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று முதல் படம் வரவில்லை. வந்து பார்த்த பையன் ரவுட்டர் பழசு என்றான். 2,200 ரூபாய்க்குப் புதிது வாங்கினோம். அப்போதும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து பார்த்தேன். ஐபி என்பது இணையத்தில் ஓர் இணைப்பின் முகவரி எண்; வெளிப்பக்க முகவரியைக் காட்டும் WAN IP என்ற இடத்தில் 100.72.14.9 என்று இருந்தது. "என் ஐபி என்ன" என்று காட்டும் இணையப் பக்கத்தில் பார்த்தால் 103-இல் தொடங்கும் வேறு எண். கோளாறு அங்கேதான் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களை, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் மட்டும் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு யாரும் வர முடியாது.

IPv4 என்ற பழைய வகை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. நம் ஆசியப் பகுதிக்கான கையிருப்பு 2011-லேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது எண்ணைக் கொடுக்கிறார்கள். ஒரு எண்ணில் 65,536 போர்ட்டுகள் உண்டு. வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்தால் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் அடங்கும். நாம் வெளியே ஒரு தளத்துக்குப் போகும்போது, எந்த வீடு எந்த போர்ட்டில் போனது என்று அவர்களுடைய கருவி குறித்துக்கொள்கிறது. பதில் அதே வழியில் வீடு திரும்பும். அதனால் யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் நன்றாகவே ஓடும். நான் புதுச்சேரியிலிருந்து கேமராவைத் தட்டும்போது அப்படி எந்தக் குறிப்பும் இருக்காது. எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் கருவி அதைத் தூக்கிப் போட்டுவிடும். நம் ரவுட்டரில் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும், அதற்கு முன்னாலேயே கதவு மூடியிருக்கிறது.

எண்ணைப் பகிர்வதில் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தே பொய் சொல்லி ரவுட்டரை விற்றதுதான் பொறுக்கவில்லை.

கியூஆர் ஸ்கேன் செய்து பார்க்கும் புதிய கேமராப் பெட்டிகள் பெரும்பாலும் தாமே வெளியே இணைந்துகொள்வதால் தப்பிவிடும். எங்களுடையது பழையது. அந்த மாதிரி வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே "தனி பப்ளிக் ஐபி உண்டா, மாதம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு இப்போது கூடுதல் பணம் கட்டினால் தருகிறார்களாம். ரவுட்டர் பணம் இன்னும் திரும்பி வரவில்லை.