கண்ணாடி, கறுப்பு டின், வெள்ளை அலுமினியம்: ஒரே கேக்குக்கு மூன்று ஓவன் கணக்கு

"175 டிகிரி, 35 நிமிடம்" என்று ஒரு செய்முறையில் இருந்தால், அது பெரும்பாலும் பூச்சு இல்லாத வெளிர்நிற அலுமினிய டின்னுக்கு எழுதிய கணக்கு. அதே மாவைக் கறுப்பு நான்ஸ்டிக் டின்னிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ ஊற்றினால் கணக்கு தப்பும். "இரண்டுக்குமே 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை பரவலாக உண்டு. அது சரிதான், ஆனால் பாதிதான். வெப்பத்தை இரண்டுக்கும் குறைக்க வேண்டும். நேரமோ கறுப்பு டின்னில் குறையும், கண்ணாடியில் கூடும். மூன்று வகையையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது அதிகம் சறுக்குவது இந்த நேர விஷயத்தில்தான்.

ஒரு சாதாரண வெண்ணெய் கேக்கை எடுத்துக்கொள்வோம். மைதா 190 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 115, முட்டை 2, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், கால் டீஸ்பூன் உப்பு. 8 அங்குல வட்ட டின்னுக்குச் சரியான அளவு. ஃபேன் இல்லாத ஓடிஜி, நடுத்தட்டு, மேல் கீழ் இரண்டு ராடும் எரிகின்றன. வெளிர்நிற அலுமினியத்தில் 175 டிகிரியில் 35 முதல் 40 நிமிடத்துக்குள் வெந்துவிடும். மேற்புறம் ஓரளவு சமமாக இருக்கும், ஓரம் மெல்லிய பொன்னிறம். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 97 டிகிரியை ஒட்டிக் காட்டும். இதையே மற்ற இரண்டுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கறுப்பு டின். ஓவனுக்குள் வெப்பம் சூடான காற்றாக மட்டும் வருவதில்லை. ராடிலிருந்தும் சுவரிலிருந்தும் கதிராகவும் வருகிறது. பளபளப்பான அலுமினியம் அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பரப்பு கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். டின் உலோகம்தான் என்பதால் உறிஞ்சிய சூடு உடனே மாவுக்குப் போய்விடுகிறது. ஆகவே 175 டிகிரியிலேயே விட்டால் ஓரத்து மாவு முதல் சில நிமிடங்களிலேயே இறுகி நின்றுவிடும். நடு மாவு இன்னும் இளகியே இருக்கும், தொடர்ந்து பொங்கும், ஓரம் இடம் தராததால் மேல்நோக்கிக் குவியும். கூம்பு போன்ற மேடு, உச்சியில் வெடிப்பு, அடியில் அடர்பழுப்புத் தோல் என்று மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பேக்கிங் பவுடர் அதிகமாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் டின்னின் நிறத்தைப் பாருங்கள்.

கறுப்பு டின்னுக்கு 160 டிகிரி வைத்து, 30ஆவது நிமிடத்திலேயே குச்சி குத்திப் பார்க்க வேண்டும். அப்போது வேகாமல் இருந்தால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். டின்னின் வெளிப்பக்கத்தைச் சுற்றி அலுமினியத் தாளை இறுக்கமாக ஒட்டிவிட்டால் கதிரை உறிஞ்சும் வேகம் நன்றாகக் குறையும். மேற்புறம் சமமாக வர இது எளிய வழி. இன்னொன்று: கதிரை வாங்குவது வெளிப்பரப்பு. உள்ளே கறுப்புப் பூச்சும் வெளியே வெள்ளி நிறமுமாக இருக்கும் டின் பெரும்பாலும் வெளிர்நிற டின் போலத்தான் நடந்துகொள்ளும். வாங்கும்போது திருப்பி அடியைப் பாருங்கள்.

கண்ணாடியின் கதை வேறு. கண்ணாடி வழியாக வெப்பக் கதிர் நேராக மாவுக்குப் போய்விடும் என்று சொல்வதுண்டு. சிவந்து கனலும் ராடிலிருந்து வருவதில் ஒரு பங்குதான் அப்படி ஊடுருவும். ஓவன் சுவர்களிலிருந்து வருவதைக் கண்ணாடி தானே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை உள்ளே கடத்துவதில் அது மிக மந்தம். அலுமினியம் ஏறத்தாழ 200 மடங்கு வேகமாகக் கடத்தும். அதோடு கண்ணாடிப் பாத்திரம் தடிமனானது, கனமானது. முதல் 10, 15 நிமிடம் அது தன்னைச் சூடாக்கிக்கொள்வதிலேயே போய்விடுகிறது. ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. அடுப்பை அணைத்த பிறகும் காய்ந்துகொண்டிருக்கும் கனமான தோசைக்கல் போல, வெளியே எடுத்த பிறகும் ஓரத்தையும் அடியையும் வேகவைத்துக்கொண்டே இருக்கும்.

மெதுவாகச் சூடேறுவதைப் பார்த்து வெப்பத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் கடைசிக் கட்டத்தில் ஓரம் காய்ந்து கெட்டியாகிவிடும், நடுவோ குழகுழவென்று நிற்கும். பிரவுனியில் இது அப்பட்டமாகத் தெரியும். நடுப்பகுதி எட்டிப்பிடிக்க அவகாசம் தருவதற்காகத்தான் இங்கே 160 டிகிரி. மேலே சொன்ன கேக்குக்கு 45 முதல் 50 நிமிடம் ஆகும். 40ஆவது நிமிடத்துக்கு முன் கதவைத் திறப்பதில் பயனில்லை. குச்சியில் ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு ஈரத் துணுக்குகள் மட்டும் வரும்போதே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். கேக்கைத் தனியே எடுப்பதாக இருந்தால் 10 நிமிடத்தில் கம்பித்தட்டில் கவிழ்த்துவிடுங்கள். அப்படியே ஆறவிட்டால் அடி தடித்துப்போகும்.

நேரம் இதையும் தாண்டி இழுத்தால் வடிவத்தைக் கவனிக்கவும். பல கண்ணாடிப் பாத்திரங்களின் சுவர் சாய்வாக இருக்கும், மூலைகள் வளைந்திருக்கும். வாய் 8 அங்குலம் என்றாலும் அடி அதைவிடச் சிறியது. மாவு உயரமாக நிற்கும், வேக நேரமாகும். இரண்டு பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி அளந்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். பாதுகாப்பு பற்றி ஒரே வரி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியைச் சூடான ஓவனில் வைப்பதும், சூடான கண்ணாடியை ஈர மேடையில் வைப்பதும், கிரில் ராடுக்கு அடியில் தள்ளுவதும் விரிசலை வரவழைக்கும்.

ஃபேன் ஓடும் ஓவனில் சூடான காற்றின் பங்கு கூடுவதால் கறுப்புக்கும் வெளிர்நிறத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஃபேனுக்காக ஏற்கெனவே வெப்பத்தைக் குறைத்திருந்தால், கறுப்பு டின்னுக்கு இன்னொரு முறை முழு 15 டிகிரியைக் கழிக்காமல் நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள். சிறிய ஓடிஜியில் இதற்கு நேர்மாறு. டின் கீழ் ராடுக்கு அருகிலேயே இருப்பதால் கறுப்பு அடி சீக்கிரம் கருகும். தட்டை ஒரு படி மேலேற்றுவது வெப்பத்தைக் குறைப்பதைவிட நல்ல பலன் தரும்.

கேக்குக்கு எங்கள் தேர்வு தயக்கமின்றி வெளிர்நிற அலுமினியம்தான். ஆனால் கறுப்பு டின்னை ஒதுக்கிவிட வேண்டாம்: ரொட்டிக்கும் பீட்சாவுக்கும் தேவையான மொறுமொறுப்பான அடி அதில்தான் அழகாக வரும், அங்கே வெப்பத்தைக் குறைக்கவும் வேண்டாம். கண்ணாடி, ஆப்பிள் பை போன்றவற்றுக்கும் ஓவனில் வேகவைக்கும் பாஸ்தாவுக்கும் ஏற்றது. பையின் அடி சிவந்துவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம்; தக்காளி, எலுமிச்சைப் புளிப்பு பூச்சில்லாத அலுமினியத்தை அரிக்கும், கண்ணாடியை ஒன்றும் செய்யாது.

நாள்பட்ட பயன்பாட்டில் வெளிர்நிற டின்னும் மாறும். நெய் தெறித்துக் காய்ந்த பழுப்புப் படலம் வெளிப்புறத்தில் ஏறஏற, அது மெல்ல மெல்லக் கறுப்பு டின்னாகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டாலும் அலுமினியம் கறுத்துவிடும். பழகிய செய்முறையில் அடி திடீரென்று சிவக்க ஆரம்பித்தால், ஓவன் தெர்மாமீட்டர் சரியான வெப்பத்தைக் காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது சரியென்றால் டின்தான் காரணம். படலத்தைத் தேய்த்து எடுக்க முடியாதபோது 5 நிமிடம் முன்னதாகக் குச்சி குத்தத் தொடங்குங்கள். அப்போதும் அடி சிவந்தால் 160 டிகிரிக்கு இறக்குங்கள்.