அகட்டிய கால் குதிரை: ஐ-பீமா, காடியா?

பலகையை அறுக்கவும் இழைக்கவும் தாங்கி நிற்கும் குதிரையை நான் இரண்டு விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். முதல் ஜோடி ஐ-பீம் முறை, அதாவது சட்டங்களை ஆங்கில I எழுத்து வடிவில் சேர்ப்பது. ஒன்றரை வருடம் கழித்துச் செய்த இரண்டாவது ஜோடியில், மேலே படுக்கும் முதுகுக்கட்டையின் பக்கங்களில் காடி என்னும் பள்ளம் வெட்டிக் கால்களை உட்கார வைத்தேன். இப்போது வேலை முழுவதும் இரண்டாவதில்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கடையில் கிடைக்கும் மடக்கு இரும்புப் பிடிகளும் உண்டு. சட்டத்தைச் செருகினால் குதிரை தயார். இரவல் வாங்கிய ஒரு ஜோடியில் இரண்டு நாள் மட்டுமே வேலை செய்தேன். கீல் இருக்கும் இடத்தில் ஆட்டம் இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல அந்த இரண்டு நாள் போதாது.

ஐ-பீம் முறை எளிது. 9 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள மூன்று சட்டங்கள் போதும். மேலே ஒன்று படுக்கை, நடுவில் ஒன்று செங்குத்து, கீழே ஒன்று படுக்கை. காலின் தலை மேல் சட்டத்தின் அடியில் நடுச்சட்டத்தை ஒட்டி நிற்கும். சற்றுக் கீழே கீழ்ச்சட்டத்தின் விளிம்பு அதை வெளியே தள்ளும். இதனால் 15 டிகிரியை ஒட்டிய சாய்வு தானாகவே வந்துவிடும். பாரமும் திருகாணியை நம்பாமல் மேல் சட்டத்திலிருந்து நேராகக் காலுக்கு இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் ஐ-பீம்தான் மேல்.

கால் பக்கவாட்டில் அகன்றுபோகும் சிக்கல் இரண்டுக்கும் பொது. 60 செ.மீ. உயரக் குதிரை 200 கிலோ சுமப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு 50 கிலோ. 15 டிகிரி சாய்வில் பாதம் தலையிலிருந்து 16 செ.மீ. வெளியே நிற்கிறது. சொரசொரப்பான தரை என்றால் உராய்வே பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான, ஈரமான தரையில் அந்த வேலை முழுவதும் இணைப்பின் தலையில் விழும். 50-ஐ 16-ஆல் பெருக்கினால் 800. தலையிலிருந்து 8 செ.மீ. கீழே இருக்கும் திருகாணி அதைத் தாங்க வேண்டுமென்றால், 100 கிலோ விசை அதை மரத்திலிருந்து வெளியே பிடுங்க இழுக்கிறது என்று பொருள். அதே இரு கால்களையும் தலையிலிருந்து 25 செ.மீ. கீழே ஒரு ப்ளைவுட் பிடிபலகையால் கட்டினால் விசை 32 கிலோவாகக் குறைகிறது. அங்கே திருகாணி பிடுங்கப்படுவதும் இல்லை, குறுக்கேதான் அழுத்தப்படுகிறது. ஆகவே எந்த முறையில் செய்தாலும் இரு முனையிலும் பிடிபலகை வேண்டும். என் முதல் ஜோடிக்கு அதை வைக்காமல் விட்டு, பிறகு சேர்த்தேன்.

பிடிபலகை வைத்த பின்னும் ஐ-பீம் குதிரை ஆடியது, நீளவாக்கில். இழைப்புளியைத் தள்ளும்போது முன்னே ஒரு தலையாட்டல், இழுக்கும்போது பின்னே ஒன்று. இரண்டு முறைகளையும் எனக்குப் பிரித்துக் காட்டியது இந்த ஆட்டம்தான். ஐ-பீமில் கால் நீளவாக்கில் செங்குத்தாக நிற்கிறது. முன்பின் திரும்பாமல் அதைப் பிடிப்பவை இரண்டு திருகாணிகள் மட்டுமே. 20 கிலோ விசையோடு இழைத்தால் ஒரு காலுக்கு 5 கிலோ. 60 செ.மீ. நீள நெம்புகோலில் அது 300. திருகாணிகளின் இடைவெளி 6 செ.மீ. என்றால் ஒவ்வொன்றின் மேலும் 50 கிலோ விழுகிறது, அதுவும் ஒவ்வொரு தள்ளலுக்கும் திசை மாறி மாறி. மரம் காய்ந்து சுருங்கச் சுருங்கத் துளை நீள்வட்டமாகிறது. இறுக்கினால் ஒரு வாரம் நிற்கும், பிறகு பழைய கதை. கால்களுக்கு நடுவே நீளச் சட்டம் ஒன்று கொடுத்தால் ஆட்டம் குறையலாம்; நான் அதைச் செய்து பார்க்கவில்லை.

காடி முறையில் இதே விசையை மரமே வாங்கிக்கொள்கிறது. முதுகுக்கட்டை 10 செ.மீ. சதுரம். கால் 9 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். பக்கவாட்டில் 15 டிகிரி, நீளவாக்கில் வெளியே பார்த்து 10 டிகிரி சாய்வு. காடி மேல்முகத்தில் 2.7 செ.மீ. ஆழத்தில் தொடங்கி, அடிமுகத்தில் ஒன்றுமில்லாமல் முடியும். காலின் இருபுறமும் மரச்சுவர் நிற்பதால் அது முன்பின் திரும்ப வழியே இல்லை. திருகாணிக்குக் காலைக் காடிக்குள் அழுத்தி வைக்கும் வேலை மட்டும்தான்.

இரட்டைச் சாய்வுக்குப் பலர் பயப்படுகிறார்கள். காலின் அகல முகத்தில் 10 டிகிரிக் கோடு போட்டு, ரம்பத்தை 15 டிகிரி சாய்த்து அறுத்தால் போதும். கணக்குப்படி அந்தக் கோடு 9.7 டிகிரி, அந்த வித்தியாசம் கையறுப்பில் தெரியாது. 60 செ.மீ. உயரத்துக்குக் கால் நீளம் 63 செ.மீ. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காலின் இரு முனை வெட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், அப்போது நான்கு கால்களும் ஒரே வடிவம்தான். மூலைவிட்டமாக எதிரெதிரே நிற்பவற்றுக்கு ஒரே முனை மேலே வரும். மற்ற இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைத்தால் அவற்றின் கண்ணாடிப் பிம்பமாக நிற்கும்.

காடியை அளந்து வரைவதைவிட, காலையே கட்டைமேல் சாய்த்து வைத்துக் கூரிய கத்தியால் இருபுறமும் கோடு இழுப்பது நல்லது. கோட்டுக்கு உள்பக்கமாக அறுத்து, நடு மரத்தை உளியால் எடுத்து, சரிவு நேராக இருக்கிறதா என்று மூலைமட்டத்தின் விளிம்பை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மேடு இருந்தால் கால் அதன்மேல் ஊஞ்சலாடும். காடி இறுக்கமாக இருந்தும் ஆட்டம் வருவது இதனால்தான். கால் கொட்டாப்புளியின் மென்மையான தட்டலுக்கு உள்ளே போனால் அளவு சரி. கையாலேயே வழுக்கிப் போனால் மெல்லிய மரச்சீவலைப் பசையோடு பக்கத்தில் செருகுங்கள்.

இந்த முறையின் பலவீனம் பாரம் இறங்கும் வழி. காடி மேலே திறந்திருப்பதால் முதுகுக்கட்டை கீழ்நோக்கி நழுவப் பார்க்கும். அதைத் தடுக்கப் பிடிபலகையின் மேல்விளிம்பை 10 டிகிரி சீவி, கட்டையின் அடிமுகத்தோடு இடைவெளி இல்லாமல் முட்ட வைக்க வேண்டும். பலகையைக் கால்களின் விளிம்பில் வைக்கும்போது வெளிமூலைகள் 1 மி.மீ. அளவுக்குத் துருத்தி நிற்கும், இரட்டைச் சாய்வின் விளைவு அது. இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் பலகை முழுதாகப் படியும். அப்படியே திருகினால் பசை விளிம்பில் மட்டும்தான் பிடிக்கும்.

இணைப்பு நகர்கிறதா என்று அறிய, காலும் கட்டையும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு ஒரு மாதம் வேலை செய்யுங்கள். கோடு முறிந்திருந்தால் அங்கே நகர்வு இருக்கிறது. என் ஐ-பீம் கால்களில் கோடு இரண்டு மி.மீ. விலகியிருந்தது. காடிக் கால்களில் எட்டு மாதமாகியும் அது ஒரே கோடுதான்.

நேரம் என்று பார்த்தால் ஐ-பீம் ஜோடி அரை நாள், காடி ஜோடி இரண்டு முழு நாள். வெறுமனே பலகை அடுக்கவும் வர்ணம் பூசவும்தான் குதிரை வேண்டும் என்றால் அரை நாள் வேலையே போதும். என் பழைய ஜோடி இன்று அதற்குத்தான் நிற்கிறது.