ஒற்றைக் கம்பிப் பாகு: விரலா, தெர்மாமீட்டரா?

விரல்: செலவில்லை. ஒரு சொட்டை லேசாக ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் ஒரே இழை அறுபடாமல் நிற்கணும், ஆனால் அந்த நேரம் அடுப்பைக் குறைக்க மறந்தால் பாகு இரண்டு கம்பிக்குப் போய்விடும்.

தெர்மாமீட்டர்: 105 டிகிரி செல்சியஸ் பக்கம் ஒற்றைக் கம்பி. ஒரு கப் சர்க்கரைப் பாகில் முனை சரியாக முங்காது, அப்புறம் அது காட்டுவதை நம்ப முடியாது.

பாகு பூத்து, சர்க்கரை மறுபடி குருணையாகிவிட்டால் இரண்டுமே உதவாது. கால் கப் தண்ணீர் விட்டு, சிறு தீயில் கடைசிக் குருணையும் கரையும்வரை கிளறி, ஓரத்தில் ஒட்டியதை ஈரத்துணியால் துடைத்து, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதித்தபின் கரண்டி போடாதீர்கள், அப்படிப் போட்டதால்தான் என் பாகு பூத்தது.

வீட்டு மைசூர்பாகுக்கு விரல் போதும். கிலோ கணக்கில் செய்பவர்கள் தெர்மாமீட்டர் வாங்கலாம்.