மூன்றாவது தொட்டியில் என்ன ஊற்றுவது: ப்ளீச்சா, குவாட்டா, வெந்நீரா?

ஹோட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவும் மூன்று தொட்டிக் கழுவலில் முதல் இரண்டைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. முதல் தொட்டியில் 43 டிகிரிக்குக் குறையாத சுடுநீரும் சோப்பும், இரண்டாவதில் சுத்தமான தண்ணீர். விவாதமெல்லாம் மிஞ்சிய கிருமிகளைக் கொல்லும் மூன்றாவதில்தான். குளோரின் ப்ளீச், குவாட் என்று சுருக்கமாகச் சொல்லும் குவாட்டர்னரி அம்மோனியம், ரசாயனமே இல்லாத 77 டிகிரி வெந்நீர் என்று மூன்று வழி இருக்கிறது. அயோடினும் உண்டு, ஆனால் பிளாஸ்டிக்கில் கறை ஏற்றுவதால் அதை இங்கே விட்டுவிடுகிறோம். எங்கள் ஓட்டு குவாட்டுக்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு.

விலை, வாசனை, கை எரிச்சல் ஆகியவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ப்ளீச் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் மூக்கைத் துளைக்கும், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், அளவு மிஞ்சினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூடப் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். குவாட்டுக்கு விலை கூடுதல், வாசனை கிட்டத்தட்ட இல்லை. வெந்நீருக்கு ரசாயனச் செலவு கிடையாது, ஆனால் தொட்டியோடு இணைந்த ஹீட்டரும், பாத்திரத்தை முக்கி எடுக்கக் கைப்பிடி உள்ள கூடையும் வேண்டும். 77 டிகிரித் தண்ணீரில் யாரும் கை விட முடியாது.

முடிவைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை. காலையில் கலந்த கரைசல், கூட்டம் ஓய்கிற நேரத்தில் எவ்வளவு வீரியத்தோடு இருக்கிறது என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர். 5 சதவீத ப்ளீச் 80 மில்லி ஊற்றினால் குளோரின் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரும். பொதுவாகக் கேட்கப்படுவது 50 முதல் 100 வரை. அதே 40 லிட்டரில் 10 சதவீத குவாட் 80 மில்லி ஊற்றினால் 200 பிபிஎம். பெரும்பாலான குவாட் லேபிள்களில் 200 முதல் 400 வரை என்று போட்டிருக்கும். இப்போது அலசும் தொட்டியிலிருந்து ஆழமான பாத்திரங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் அடியிலும் விளிம்பிலுமாக 100 மில்லி வெறும் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து, போகும்போது 100 மில்லி கரைசலை வெளியே எடுத்துப் போகிறது என்று வையுங்கள். நூறு பாத்திரம் போனதும் கரைசல் தொடக்க வீரியத்தில் சுமார் 78 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வேறு எந்தக் கெடுதலும் நடக்காமலே 200 என்று தொடங்கிய குவாட் 156-க்கு வந்துவிட்டது. லேபிள் கேட்கும் அளவுக்குக் கீழே!

அதனால் குவாட்டை அடிமட்டத்தில் தொடங்கவே கூடாது. 120 மில்லி ஊற்றி 300-ல் தொடங்கினால் அதே நூறு பாத்திரத்துக்குப் பிறகும் 230-க்கு மேல் நிற்கும். ப்ளீச்சில் இந்த வசதி குறைவு. 100-ல் தொடங்கினால் நீர்த்துப் போவதால் மட்டும் 78-க்கு இறங்கும். ஆனால் குளோரின் அங்கே நிற்காது. உணவுத் துணுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எது வந்தாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். போதாததற்கு, தண்ணீர் சூடாக இருந்தால் வாயுவாகவும் பறக்கும். மூக்கில் வாசனை அடிப்பதை வைத்து 'நல்லா வேலை செய்யுது' என்று நினைப்பது தப்பு. கரைசலை விட்டுப் போகிற குளோரினும் அந்த வாசனையில் இருக்கிறது.

இனி அந்த நிபந்தனை. குவாட்டின் எதிரி சோப்பு. பாத்திரம் தேய்க்கும் சாதாரண டிடர்ஜென்ட் எதிர்மின் தன்மை உள்ளது, குவாட் நேர்மின் தன்மை உள்ளது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செயலிழக்கும். அலசும் தொட்டியில் நுரை மிதக்கிறது, தண்ணீர் வழவழவென்று இருக்கிறது என்றால் மூன்றாவது தொட்டியில் குவாட் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குவாட்டைத் தேர்ந்தெடுக்கும் கிச்சன் அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். இன்னும் நல்லது, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் அலசுவது. தண்ணீர் ரொம்பக் கடினமாக இருக்கும் ஊர்களிலும் குவாட் தடுமாறும். எவ்வளவு கடினம்வரை தாங்கும் என்பதை வாங்கும் டப்பாவின் லேபிள்தான் சொல்ல வேண்டும். அலசுவதில் ஒழுங்கு வராத கிச்சனுக்கு ப்ளீச்சே மேல். சோப்பு அதை இந்த அளவுக்குக் கொல்வதில்லை. ஆனால் 'ரெண்டும் போடலாமே' என்று ப்ளீச்சையும் குவாட்டையும் ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது.

ப்ளீச், குவாட் இரண்டில் எதை ஊற்றினாலும், வீரியத்தை நிறத்தால் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் காகிதம் இல்லாமல் நடத்த முடியாது. குளோரின் காகிதத்தை முக்கி உடனே எடுத்து நிறம் பார்க்க வேண்டும். குவாட் காகிதம் பெரும்பாலும் 10 விநாடி அசையாமல் தண்ணீரில் இருக்க வேண்டும். நுரையில் முக்கினால் பொய்க் கணக்கு வரும், சூடான கரைசலிலும் அப்படியே. ஒரு கப்பில் எடுத்து ஆறவைத்துப் பார்க்கலாம். குளோரினில் ஒரு விசித்திரமும் உண்டு: அளவு எக்கச்சக்கமாக ஏறினால் காகிதத்தின் நிறமே வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முக்கி வைக்கும் நேரம் குளோரினுக்குக் குறைந்தது 10 விநாடி, வெந்நீருக்கு 30 விநாடி. குவாட்டுக்கு லேபிளைப் பொறுத்து 30 விநாடியோ ஒரு நிமிடமோ. பாத்திரம் முழுக்க மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டிக் காம்புக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது.

உலர்த்துவதில் வெந்நீர் இருவரையும் தோற்கடிக்கிறது. சூடேறிய ஸ்டீல் பாத்திரம் கூடையை விட்டு வெளியே வந்ததும் தானே காய்ந்துவிடும். குவாட்டும் ப்ளீச்சும் குளிர்ந்த ஈரத்தை விட்டுப் போவதால் ரேக்கில் இடமும் நேரமும் அதிகம் வேண்டும். பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் மோசம், ஸ்டீல் காய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் அவற்றில் துளிகள் நிற்கும். துணியால் துடைத்து அவசரப்படுத்தினால் துணியில் இருப்பது பாத்திரத்துக்கு வந்துவிடும். மறுபடி தண்ணீரில் அலசுவதும் கூடாது. பாத்திரங்களைக் கம்பி ரேக்கில் கவிழ்த்து, ஒரு பக்கம் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். அடி குழிந்த டப்பாவை நேராகக் கவிழ்த்தால் வெளி அடியில் குளம் கட்டி நிற்கும். மூடிகளை விளிம்பில் நிறுத்த வேண்டும். தேய்க்கும் தொட்டியின் தெறிப்பு படுகிற தூரத்தில் ரேக் இருக்கக் கூடாது.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தட்டுப் பாத்திரங்களைப் பிரிக்கும்போது 'சப்'பென்று ஒட்டி, வலித்துத்தான் வந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது. அந்த அடுக்கைக் கலைத்து, மூன்றாவது தொட்டியில் மறுபடி முக்கி, இந்த முறை தனித்தனியாக ரேக்கில் போட வேண்டும்.